ஒரு நாள் மழையும் முப்பது ஆண்டுக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பில் வானிலை, காலநிலை பாடம் நடத்தினேன். "ஃபெஞ்சல் புயலப்போ பாண்டியில ஒரே நாள்ல அவ்வளவு மழை பெஞ்சுதே, அப்போ நம்ம ஊரு காலநிலையே மாறிடுச்சா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். புத்தகத்தில் உள்ள வரையறையைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எப்படி விளக்கலாம்?

ஓர் ஆசிரியை, கடலூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வரையறையை வைத்துவிட்டு, அந்த மழையையே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஏழாம் வகுப்புக்குச் சராசரி தெரியும், அது போதும்.

2024 நவம்பர் 30 அன்று இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. இருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே இருக்கும் கடலூரில் ஏறக்குறைய அதில் பாதிதான். பக்கத்து ஊருக்கே இவ்வளவு வித்தியாசம் வருகிறது. குறிப்பிட்ட ஊரில் குறிப்பிட்ட நாளில் நடந்தது, அதனால் இது வானிலை.

காலநிலைக்கு வானிலை ஆய்வாளர்கள் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளை எடுக்கிறார்கள். ஏன் முப்பது? கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்கு எழுதுங்கள். ஓர் ஊரில் நவம்பர் மாதம் எப்போதும் 35 செ.மீ. மழை பெய்கிறது; ஒரே ஓர் ஆண்டு மட்டும் புயல் வந்து 65 செ.மீ. கொட்டுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்தால், நான்கு முறை 35, அதோடு 65, ஆக மொத்தம் 205. ஐந்தால் வகுத்தால் 41 செ.மீ. ஒரு புயல் சராசரியை 6 செ.மீ. தூக்கிவிட்டது. இப்போது முப்பது ஆண்டு எடுங்கள். இருபத்தொன்பது முறை 35 என்றால் 1015. 65-ஐச் சேர்த்தால் 1080. முப்பதால் வகுத்தால் 36. ஏற்றம் 1 செ.மீ. மட்டுமே. பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். ஒரு நாள் மழையால் காலநிலை மாறிவிடாது என்பது விடையிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். சராசரி மட்டுமே காலநிலை இல்லை. எந்த மாதத்தில் மழை, அதிகபட்சம் எவ்வளவு, பெருமழை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது என்பதெல்லாம் அதில் சேர்த்திதான். கடலூர், புதுச்சேரிக் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று வங்கக்கடலைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கிடைக்கிறது. அந்த மாதங்களில் புயல் வருவதும் இந்தக் கரையின் காலநிலையில் அடக்கம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது.

மழையை அளப்பதையும் பிள்ளைகள் கையால் செய்யட்டும். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்து, புனல்போல அதன் வாயிலேயே வையுங்கள். அடிப்பகுதி வளைந்திருக்கும், அது மூழ்கும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்தத் தண்ணீர் மட்டத்தைப் பூஜ்யமாகக் குறித்து, மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். வாய் அகலமாகவும் அடி குறுகியும் உள்ள வாளி வேண்டாம், அளவு கூடுதலாகக் காட்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதன் இரு மடங்கு தூரம் தள்ளி, காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளவைப் பார்த்து எழுதிக்கொண்டு, தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தில்தான் மழையளவை எடுக்கிறது. பிற்பகல் வரை தள்ளிப்போட்டால் வெயிலில் ஆவியாகி அளவு குறைந்துபோகும். இன்னொன்று: அந்த பாட்டில் முப்பது செ.மீ. உயரம்கூட இருக்காது. 48 செ.மீ. மழையை அதில் அளக்க வேண்டுமென்றால் நடுவில் இரண்டு மூன்று முறையாவது அளந்து கொட்டி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். விட்டுவிட்டால் வழிந்தோடியதெல்லாம் கணக்கில் வராது. அவ்வளவு பெரிய மழை அது என்று அப்போது பிள்ளைகளுக்கே புரியும். ஆனால் புயல் வீசும்போது யாரையும் வெளியே அனுப்பாதீர்கள்.

அந்த மாணவியின் கேள்வி மிச்சமிருக்கிறது. காலநிலை மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு முப்பது ஆண்டை இன்னொரு முப்பது ஆண்டோடு ஒப்பிட வேண்டும். 1961 முதல் 1990 வரை ஒரு தொகுதி, 1991 முதல் 2020 வரை மற்றொன்று. இரண்டிலும் நவம்பர் சராசரி எவ்வளவு, ஒரே நாளில் 10 செ.மீ.-க்கு மேல் பெய்த நாட்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் உலகம் சூடாகும்போது பெருமழை நாட்கள் கூடலாம் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். அவள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு புயலை மட்டும் வைத்து அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.