ஸ்பானிஷில் ஆல்கியென், குவால்கியேரா, காதா, தோதோ: பொருளை முடிவு செய்வது எது?

கேள்வி: ஆல்கியென், ஆல்கோ, குவால்கியேரா, காதா, தோதோ என்ற சொற்களுக்குத் தனித்தனியே பொருள் தெரிகிறது. ஆனால் வாக்கியத்தில் சேர்த்து எழுதினால் தவறாகிவிடுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் இந்தச் சொற்களை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழில் ஐயமும் மறுப்பும் பெரும்பாலும் சொல்லின் ஈற்றிலேயே தெரிந்துவிடும். யாரோ, யாராவது, யாரும் என்று ஈறு மாறும்போதே பொருளும் மாறிவிடுகிறது. ஸ்பானிஷில் அந்த வேலையின் ஒரு பகுதியை வினைவடிவமும் மறுப்புச் சொல்லும் செய்கின்றன. எனவே ஆல்கியென் என்ற சொல்லை மட்டும் பார்த்து அது யாரோவா, யாராவதா என்று சொல்ல முடியாது.

'புஸ்கோ ஆ ஆல்கியென் கே ஆப்லா தமில்' என்றால், தமிழ் பேசும் ஒருவர் இருக்கிறார், அவரைத் தேடுகிறேன் என்று பொருள். ஆப்லா என்பதை ஆப்லே என்று, உறுதியில்லாததைக் குறிக்கும் சப்ஜங்டிவ் வினைவடிவத்துக்கு மாற்றினால், தமிழ் பேசும் யாராவது கிடைப்பாரா என்று தேடுகிறேன் என்றாகிவிடும். அப்படி ஒருவர் இல்லாமலும் போகலாம். அதனால்தான் 'ஆய் ஆல்கியென் கே ஆப்லே தமில்?' என்று கேட்கிறோம். ஆம் என்று பதில் சொல்பவர் ஆப்லா என்பார். இல்லை என்பவர் ஆல்கியெனை நாதியே ஆக்கி, 'நோ ஆய் நாதியே கே ஆப்லே தமில்' என்பார். ஏதோ, ஏதாவது என்று பொருள் தரும் ஆல்கோவும் இதே வழியில்தான் செல்கிறது. மறுப்பில் அது நாதா ஆகும். ஆனால் 'ஆ' என்ற இடைச்சொல் இங்கே ஆட்களைக் குறிக்கும் ஆல்கியெனுக்கு மட்டுமே உரியது. ஆல்கோவின் முன் அது வராது.

குவால்கியேராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் என் மாணவி ஒருவருக்கு அநீதி நடந்தது. 'கண்ட புத்தகத்தையெல்லாம் படிக்கமாட்டேன். படிப்பதை நன்கு தேர்ந்தெடுப்பேன்' என்பதை ஸ்பானிஷில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர் 'நோ லேயோ குவால்கியேர் லீப்ரோ, எலீஹோ பியென் லோ கே லேயோ' என்று எழுதினார். திருத்தியவர் குவால்கியேரை அடித்துவிட்டு அங்கே நிங்கூன் என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்தார். நிங்கூன் வந்தால், நான் எந்தப் புத்தகத்தையும் படிப்பதில்லை என்று பொருள். அதன் பிறகு 'படிப்பதைத் தேர்ந்தெடுப்பேன்' என்ற அடுத்த பகுதிக்கு இடமே இல்லாமல் போகிறது. இதை விளக்கி முறையிட்டபோது, 'நோ'வுக்குப் பின் நிங்கூனோ வகைச் சொல்தான் வர வேண்டும் என்ற ஒற்றை விதியே பதிலாக வந்தது. அந்த விதி ஆல்கியென், ஆல்கோ ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும், குவால்கியேராவுக்குப் பொருந்தாது. 'நோ சே லோ தீகாஸ் ஆ நாதியே' என்றால் யாரிடமும் சொல்லாதே. 'நோ சே லோ தீகாஸ் ஆ குவால்கியேரா' என்றால் கண்டவரிடமெல்லாம் சொல்லாதே, நம்பிக்கையானவரிடம் சொல்லலாம். 'எந்தப் புத்தகத்தையும்' என்ற ஒரே தொடரை வைத்துக்கொண்டு நிங்கூன், குவால்கியேர் இரண்டையும் மொழிபெயர்க்கப் பார்ப்பதால்தான் நம்மில் பலர் இங்கே தடுமாறுகிறோம்.

நாட்டுக்கு நாடு பேச்சு வேறுபடும் என்று சிலர் மறுக்கக்கூடும். உச்சரிப்பிலும் சொல்வளத்திலும் அது உண்மைதான். ஆனால் நான் இங்கே சொல்லும் வேறுபாடு ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ஒன்றுதான். குவால்கியேரா பெயர்ச்சொல்லுக்கு முன்னே வந்தால் குவால்கியேர் என்று குறுகும், பின்னே வந்தால் முழுதாக நிற்கும் என்பதையும் கவனியுங்கள். 'ஊன் லீப்ரோ குவால்கியேரா' என்பது ஏதோ ஒரு சாதாரணப் புத்தகம். பெயர்ச்சொல்லே இல்லாமல் ஒரு பெண்ணை 'ஊனா குவால்கியேரா' என்றால் அது வசை. எழுதும்போது எச்சரிக்கையாக இருங்கள்.

காதாவும் தோதோஸும் பல இடங்களில் ஒன்றுபோலத் தெரியும். காதா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். தோதோஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். காதாவுக்குப் பின் வரும் பெயர்ச்சொல் ஒருமையில் இருக்கும். எண் ஒன்று இடையில் வந்தால் மட்டும் பன்மையாகலாம். 'காதா த்ரேஸ் தீயாஸ்' என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை. இந்தப் பொருளில் தோதோஸைப் பயன்படுத்த முடியாது. தினமும் நடக்கும் பழக்கத்துக்கு 'தோதோஸ் லோஸ் தீயாஸ்' என்பதே இயல்பு. நாளுக்கு நாள் குளிர் கூடுகிறது என்பதுபோல, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளிலிருந்து மாறுகிறது என்று சொல்ல 'காதா தீயா' வேண்டும். தோதோ ஒருமையில், லோஸ் போன்ற சுட்டிடைச்சொல் இல்லாமல், 'தோதோ அலும்னோ' என்று வந்தால் அது விதிமுறைகளில் காணும் நடை: மாணவர் எவராயினும் என்று பொருள். நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அதைப் போடாமல் 'தோதோஸ் லோஸ் அலும்னோஸ்' என்று எழுதுங்கள்.