முழுத் தீர்வு காசோலையை மாற்றினால் பாக்கி போய்விடுமா?

"ஏற்காட்டில் விடுதிக்குச் சுவர் கட்டினேன். பில் ரூ.4,80,000. 'முழு, இறுதித் தீர்வு, சம்மதமில்லையேல் திருப்பி அனுப்பவும்' என்ற கடிதத்துடன் ரூ.3,90,000 காசோலை வந்துள்ளது. வங்கியில் போடலாமா?"

இன்று போடாதீர்கள். முதலில் எதிர்ப்பைத் தெரிவியுங்கள். ரயில்வே அனுப்பிய இத்தகைய காசோலையைப் பணமாக்கிய பிறகு ஆட்சேபித்தவரின் வழக்கை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பணமாக்கியதே சம்மதம் என்றது.

"ரூ.3,90,000ஐப் பகுதித் தொகையாகவே ஏற்கிறேன், ரூ.90,000 கோரும் உரிமை எனக்கு உண்டு" என்று பதிவு வசதியும் விநியோகச் சான்றும் சேர்த்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தச் சான்று வரும்வரை பொறுங்கள். காசோலை மூன்று மாதம் செல்லும். விடுதிக்காரர் "அப்படியானால் திருப்பிக் கொடு" என்று பதில் எழுதினால், திருப்பிக் கொடுத்து முழுத் தொகைக்கும் வழக்குத் தொடுப்பதே பாதுகாப்பு. 'முழுத் திருப்தியுடன் பெற்றேன்' என்ற ரசீதில் மட்டும், எவ்வளவு வற்புறுத்தினாலும், கையெழுத்திடாதீர்கள்.