சொதிக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊற்றலாமா?

கேள்வி: நுவரெலியாவில் வசிக்கிறோம். தேங்காய் விலை கட்டுப்படியாகவில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் பசும்பால் தாராளமாகக் கிடைக்கிறது. உருளைக்கிழங்குச் சொதிக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக அதை ஊற்றினேன், திரிந்துவிட்டது. தேங்காய்ப்பால் மா வாங்குவதுதான் வழியா?

பதில்: இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சிக்கனமான வழி. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் இருக்கும். தேங்காயின் முதற்பாலில் அது பல மடங்கு அதிகம். ஆகவே கிழங்கு வேகும்போது ஊற்றும் இரண்டாம் பாலின் இடத்தைப் பசும்பால் நிரப்பும், இறுதியில் சேர்க்கும் முதற்பாலின் இடத்தை நிரப்பாது. அந்த இறுதிப் பகுதிக்கு மட்டும் மாவைக் கரைத்தால், ஒரு பைக்கற்று பல சமையலுக்கு வரும்.

பால் திரிவதற்குப் புளிப்பும் சூடும் ஒன்றுசேர்வதே காரணம். உங்கள் ஊர் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு நீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கிறது. கிழங்கு வேக நேரமெடுக்கும், பாலை முதலிலேயே ஊற்றியிருந்தால் அதுவும் அத்தனை நேரம் கொதித்திருக்கும். எனவே நான்கு பேருக்கான சொதியில், கிழங்கை வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சளுடன் குறைந்த நீரில் முழுமையாக வேகவைத்துவிட்டு, தனியாகக் காய்ச்சி ஆறவைத்த ஒரு கோப்பைப் பாலில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து, தணலைக் குறைத்த பின்னரே ஊற்றுங்கள். அரிசி மா பாலைத் திரியவிடாமல் ஓரளவு தாங்கும். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பால் மாவை அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீரில் (கொதிநீரில் கட்டி தட்டும்) கரைத்துச் சேர்த்து, ஒரு கொதி எழுமுன் இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகு, சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். வெண்ணிறத் துகள்கள் பிரிந்து, மஞ்சள் கலந்த நீர் மேலே தெளிந்தால் திரிந்துவிட்டது என்று பொருள். அதை மீண்டும் சேர்க்க முடியாது, ஆயினும் பால் பழையதல்லாதவரை உண்ணலாம். பசும்பாலின் இனிப்பை அடக்க, தாளிப்புக்குத் தேங்காயெண்ணெயே நல்லது.

பழப்புளி அல்லது கொறுக்காய் சேரும் மீன் குழம்பில் பசும்பாலை முயல வேண்டாம்.

மா வாங்கும்போது பைக்கற்றின் விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். சிறு பைக்கற்றுகள் பெரும்பாலும் அதில் தோற்றுவிடும். உட்பொருட் பட்டியலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாப்பொருளிலிருந்து எடுக்கப்படுவது, அது முன்னே வந்தால் தேங்காய் குறைவு. சோடியம் கேசினேட் பாலிலிருந்து பெறப்படுவது என்பதால், பால் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டிலிருந்தால் அந்த வகையைத் தவிர்க்க வேண்டும். குறிக்கப்பட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால், பற்றுச்சீட்டை வாங்கிவைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.