4,999 ரூபாய்க்கு விற்கும் கிரைண்டருக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

கேள்வி: "சார், கோவையில சின்ன யூனிட் வச்சிருக்கோம். புதுசா 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஒண்ணு கொண்டுவரப் போறோம். கடைக்காரங்க எல்லாரும் 4,999-க்கு மேல போனா நகராதுன்னு சொல்றாங்க. எங்களுக்கு ஜிஎஸ்டி இல்லாம ஒரு மெஷினுக்கு 2,900 ஆகுது. 15% லாபம் வேணும். கட்டுபடியாகுமா? பாடிக்கு டை இன்னும் ஆர்டர் கொடுக்கல, செலவு ஷீட் அனுப்பியிருக்கேன்."

பதில்: டை ஆர்டரை இன்னும் ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். இப்போதைய டிசைனில் கட்டுபடியாகாது, ஆனால் கட்டுபடியாகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். பாடியை வார்க்கும் அச்சுதான் டை, அதை வெட்டிவிட்டால் பாடியில் ஒரு திருகைக் குறைக்கக்கூட மறுபடி காசு கொடுக்க வேண்டிவரும், இன்றைக்கு அது பேப்பரில் அழிக்கிற கோடுதான்.

முதலில் கணக்கு போகும் திசையை மாற்றுங்கள். ஷீட்டில் நீங்கள் செலவிலிருந்து தொடங்கி, அதன்மேல் லாபத்தை ஏற்றி, விலைக்கு வந்து பார்த்திருக்கிறீர்கள். விலையைக் கடைத்தெரு தீர்மானித்துவிட்ட பொருளுக்கு இது உதவாது. விலையில் தொடங்கி, நமக்கு வேண்டிய லாபத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதியில்தான் மெஷினைச் செய்தாக வேண்டும். 1960-களில் ஜப்பானில் டொயோட்டா கார் டிசைனுக்கு இந்த வழியைக் கொண்டுவந்தது, டார்கெட் காஸ்டிங் என்று இன்று சொல்வது இதைத்தான்.

4,999 என்பது வீட்டுக்காரர் கொடுக்கும் பணம், உங்கள் கைக்கு வரும் பணம் இல்லை. ஷீட்டில் ஜிஎஸ்டி 18% என்று இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். விகிதம் மாறினால் இந்த வரியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். 4,999-ஐ 1.18-ஆல் வகுத்தால் 4,236. நேராக 18% கழிக்காதீர்கள், அப்படிச் செய்தால் 4,099 வரும், அது தப்பு. அடுத்து கடைக்காரர் மார்ஜின் 15%, அதாவது 635. போனால் 3,601. தீபாவளி, ஆடி சீசன் ஸ்கீமுக்கு வருஷ சராசரியாக 3% விடுகிறீர்கள், அது 108. மிச்சம் 3,493. இதுதான் உங்கள் உண்மையான விற்பனை விலை.

இந்த இடத்தில் கடைக்காரரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் 15% அவர் விற்கும் விலையிலா, வாங்கும் விலையிலா? நான் விற்கும் விலையில் என்று எடுத்திருக்கிறேன். வாங்கும் விலையில் என்றால் ஸ்கீம் போக உங்களுக்கு மெஷினுக்கு 80 ரூபாய் கூடுதலாக வரும்.

அதே குழப்பம் உங்கள் 15% லாபத்திலும் இருக்கிறது. ஷீட்டின் கடைசி வரியில் செலவை 1.15-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அது செலவின் மேல் 15%. பேங்க் வட்டி, கடைக்குக் கொடுத்த 60 நாள் கடன், அடுத்த மெஷினரி எல்லாவற்றுக்கும் பணம் விற்பனையிலிருந்துதான் வர வேண்டும், அதனால் விலையில்தான் 15% எடுக்க வேண்டும். 3,493-இல் 15% என்றால் 524. மீதி 2,969. இதுதான் இந்த மெஷினுக்கு அனுமதிக்கப்பட்ட செலவு. உங்கள் முறையில் போட்டிருந்தால் 3,037 என்று வந்திருக்கும், லாபம் விலையில் 13% தான் நின்றிருக்கும்.

சரி, 2,969 கிடைக்கிறது, செலவு 2,900 தானே, 69 ரூபாய் மிச்சம்தானே என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள். உங்கள் 2,900-இல் பொருள், கூலி, பேக்கிங் மட்டும்தான் இருக்கிறது. 2,969 என்பதோ எல்லாச் செலவுக்கும் சேர்த்த வரம்பு. விட்டுப்போனதை உங்களிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். கடைக்குக் கொண்டுபோகும் லாரி வாடகை மெஷினுக்கு 75. வாரண்டியில் 100 மெஷினுக்கு 8 திரும்புகிறது, சர்வீஸ் பையன் போக்குவரத்து, ஸ்பேர் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 750, ஆக மெஷினுக்கு 60. டை 6 லட்சம், அதில் 15,000 மெஷின் ஓட்டலாம் என்று நினைக்கிறீர்கள், மெஷினுக்கு 40. வாடகை, கரண்ட், சூப்பர்வைசர், ஆபீஸ் வருஷத்துக்கு 18,90,000. புது மாடலையும் சேர்த்து வருஷம் 9,000 மெஷின், அப்படியானால் 210. எல்லாம் கூட்டினால் 3,285.

அனுமதிக்கப்பட்டது 2,969, இப்போது ஆவது 3,285. இடைவெளி 316 ரூபாய். கேட்டதும் வயிறு கலங்கும்தான், ஆனால் டை வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் இதைவிட மோசம்.

இந்த 316-ஐ எங்கே தேடுவது? எல்லா வரியிலும் 10% வெட்டு என்று மட்டும் சப்ளையர்களுக்குக் கடிதம் போடாதீர்கள். அவர்கள் குறைப்பார்கள், எதைக் குறைத்தார்கள் என்று ஆறு மாதம் கழித்து சர்வீஸ் புக்கில்தான் தெரியும். அதற்குப் பதில் ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, இது வீட்டில் யாருக்கு என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். மாவு மெத்தென்று வர வேண்டும், கழுவச் சுலபமாக இருக்க வேண்டும், சத்தம் குறைய வேண்டும், அடிக்கடி ரிப்பேர் ஆகக் கூடாது. வாங்குபவர் காசு கொடுப்பது இதற்குத்தான். இதில் சேராத செலவு எது என்று தேட வேண்டும்.

உங்கள் யூனிட்டுக்கு வந்திருந்தபோது அசெம்பிளி மேஜையில் ஒரு அம்மா பாடியை மூடுவதைக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பழைய மாடலில் 22 திருகு, அதில் 5 விதம். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு டப்பா, பிட் மாற்ற மாற்ற டிரைவரைக் கீழே வைத்து வைத்து எடுக்கிறார். புது டிசைனிலும் அதே 22 தான் வரைந்திருக்கிறீர்கள். பாடியின் அடிப்பக்கத்தையும் மோட்டார் தாங்கியையும் ஒரே வார்ப்பாக்கி, லாக் வைத்து மூடினால் 8 திருகு, ஒரே விதம் போதும். பிளாஸ்டிக், திருகு, கூலி மூன்றிலும் சேர்த்து 60 ரூபாய் குறைகிறது. டை செய்பவரிடம் வரைபடத்தைக் காட்டினேன், முடியும் என்கிறார்.

மோட்டாரில் 65 குறைக்கலாம். புது மாடலுக்கென்று தனி ஷாஃப்ட் நீளத்தில் கேட்டிருக்கிறீர்கள். பழைய மாடலின் மோட்டாரையே உட்காரவைக்கும்படி தாங்கியைத் திருத்தினால் இரண்டு மாடலுக்கும் சேர்த்து ஒரே ஆர்டர் போகும், அந்த எண்ணிக்கைக்கு சப்ளையர் இந்தக் குறைப்பை எழுதிக் கொடுக்கத் தயார். காப்பர் வைண்டிங்கை அலுமினியமாக மாற்றச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னாராமே, அதைத் தொடாதீர்கள். அதே அளவு மோட்டாரில் அலுமினியம் கூடுதலாகச் சூடாகும், உளுந்து கெட்டியாக அரையும்போது லோடு ஏறும், மிச்சம் பிடித்தது வாரண்டியில் திரும்பிப் போகும். டிரம்முக்கு 304-க்குப் பதில் 202 ஸ்டீல் என்பதும் அப்படித்தான். 202-இல் நிக்கல் குறைவு, உப்பு போட்டு அரைத்த மாவும் ஈரமும் தங்கினால் சீக்கிரம் புள்ளி விழும். டிரம்மில் துரு பார்த்த வீட்டில் உங்கள் பெயரை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் பேக்கிங். மேலும் கீழும் முழுத் தெர்மாகோல் வைக்கிறீர்கள். குழவிக் கல்லை டிரம்முக்குள்ளேயே அட்டை வைத்து நிறுத்தினால் பெட்டி சின்னதாகும், 35 மிச்சம். ஆனால் லாரியில் 50 பெட்டி அனுப்பிப் பார்த்து, உடைந்தது எத்தனை என்று எண்ணிய பிறகே முடிவு செய்யுங்கள்.

வாரண்டியில் செலவைக் கூட்டித்தான் குறைக்க வேண்டியிருக்கிறது. சர்வீஸ் புக்கில் திரும்பிய 8-இல் 4 மெஷின் தண்ணீர் இறங்கி பேரிங் போனவை. ஷாஃப்டில் 9 ரூபாய் சீல் ஒன்று கூடுதலாகப் போட்டு அந்த நாலும் நின்றால் மெஷினுக்கு 30 மிச்சம், நிகரமாக 21.

இருப்பதிலேயே பெரிய மிச்சம், மாவு பிசையும் அட்டாச்மென்ட், 110 ரூபாய். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக விற்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 4,999 என்ற விலை அந்த அட்டாச்மென்டையும் சேர்த்துக் கடைக்காரர்கள் சொன்னதா? அப்படியானால் அதை எடுத்தவுடன் விலையும் 4,799 ஆகிவிடலாம். கடை விலையில் 200 குறைந்தால் உங்கள் அனுமதிச் செலவில் சுமார் 119 போய்விடும், மிச்சம் பிடித்த 110 காணாமல் போகும். ஐந்தாறு கடையில் அட்டாச்மென்ட் இல்லாத சாம்பிளை வைத்துக் காட்டி, என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

எல்லாம் நடந்தால் 291. இன்னும் 25 பாக்கி. இந்தக் கட்டத்தில்தான் கணக்கைத் தட்டிச் சரிசெய்யும் ஆசை வரும். வருஷம் 9,000 இல்லை, 14,000 விற்போம் என்று எழுதினால் போதும், வாடகை, கரண்ட் போன்ற மேல்செலவு 210-இலிருந்து 135-க்கு இறங்கி 75 ரூபாய் கிடைத்துவிடும். மெஷினில் ஒரு திருகுகூடக் குறைந்திருக்காது. செலவு குறைந்ததாகச் சொல்லும்போது பொருள் பட்டியலும் வேலை நேரமும் மாறாமல், விற்பனை எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தால் அந்தக் குறைப்பை அடித்துவிடுங்கள். நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் இப்படித்தான் பேப்பரில் இலக்கைத் தொட்டோம். எண்ணிக்கை வரவில்லை, விற்ற ஒவ்வொரு பெட்டியிலும் நஷ்டம் ஏறிக்கொண்டே போனது.

25-ஐ மூடாமல் இறக்கினால் செலவு 2,994, லாபம் 499, அதாவது 14.3%. அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஏற்பதானால் 2,994 என்று எழுதி, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு, யார் பொறுப்பு என்று பிரித்து ஒட்டிவிட்டு டை ஆர்டர் கொடுங்கள். அட்டாச்மென்ட் விஷயத்தில் கடைக்காரர்கள் விலையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள், திரும்பக் கூப்பிடுங்கள், பாடி வரைபடத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.