ஒரு காலில் மட்டும் வீக்கம், தடித்த தோல்: யானைக்காலா, இதயமா?

"குளச்சலிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். அம்மாவுக்கு 62 வயது. இடது காலில் பல வருஷமாக வீக்கம், தோல் தடித்துப் போச்சு. ஊரில் மந்து என்கிறார்கள். இதயத்தால் வந்த வீக்கமோ என்று நீர் மாத்திரையும் கொடுத்தார்கள், குறையவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். இது எது?"

படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் யானைக்கால் வீக்கம்தான். இதயத்தால் வரும் வீக்கம் இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். தோல் மெலிந்து பளபளக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். படுத்தால் மூச்சு முட்டும், நாலு படி ஏறினாலே இளைக்கும். அம்மாவுக்கோ ஒரு கால்தான் பருத்திருக்கிறது. புறங்கால் மேடாகியிருக்கிறது, கணுக்காலில் மடிப்பு, விரல்களுக்கு மேலே சிறு கட்டிகள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மேல்புறத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள். தூக்க வரவில்லை என்றால் நிணநீர் தேங்கிய வீக்கம் என்று ஏறக்குறைய உறுதி. தூக்க வந்தாலும் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆரம்பத்தில் தோல் இளகித்தான் இருக்கும்.

கொசு வழியே வந்த புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிட்டால், புரதம் கலந்த நீர் காலிலேயே தங்கிவிடுகிறது. நீர் மாத்திரை தண்ணீரைத்தான் வெளியேற்றும். புரதம் அங்கேயே இருந்து மறுபடி தண்ணீரை இழுக்கும். நாளாக ஆக அங்கே நார்த்திசு சேர்ந்து தோல் கெட்டியாகிறது. மாத்திரை பலிக்காததன் காரணம் இதுதான். ஆனாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ரத்த அழுத்தத்துக்கும் அதைக் கொடுத்திருக்கலாம்.

இந்த வீக்கத்தை ஏழு நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடும்; இரண்டாவதில் வடியாது. மூன்றில் மேலோட்டமான மடிப்பு, நான்கில் கட்டிகள், ஐந்தில் ஆழமான மடிப்பு, ஆறில் பாசி படிந்தது போன்ற தோல். ஏழில் அன்றாட வேலைக்கே பிறர் உதவி வேண்டும். அம்மா நான்காம் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது.

அந்தப் படத்தில் என்னைக் கவலைப்படுத்துவது கட்டிகளைவிட, கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே வெளுத்து ஊறியிருக்கும் சேற்றுப்புண். கிருமி நுழைவது அந்த வழியாகத்தான். குளிரும் காய்ச்சலும் வந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு முறை அப்படி வரும்போதும் வீக்கம் ஒரு படி கூடிவிடும். அதனால் தினமும் இரண்டு வேளை சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போட்டு, மடிப்புக்குள்ளும் விரலிடுக்கிலும் தேய்க்காமல் மெதுவாகக் கழுவுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் துடையுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தத் துடைப்பைத்தான். புண்ணுக்கு டாக்டர் சொல்லும் பூஞ்சைக் களிம்பைத் தடவுங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த நாளில் மட்டும் பயிற்சியும் வேண்டாம், காலில் துணிக்கட்டும் போட வேண்டாம். ஈரத்துணி போட்டு, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை நேரில் காட்டி, இதயத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம். ராத்திரி எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் புழு தெரியாவிட்டால் யானைக்கால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தோல் தடித்த நிலையில் பெரும்பாலும் ரத்தத்தில் புழு அகப்படாது.