தலையணையைக் குத்தினால் கோபம் போகுமா?

வணக்கம் சார்,
என் மகனுக்குப் பதினாறு வயது. அண்ணனோடு சண்டை வந்தால் அறைக்குள் போய்த் தலையணையைக் குத்துவான். கோபத்தை உள்ளே அடக்கினால் கெடுதல் என்று எங்கோ கேட்டு, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் வெளியே வரும்போது முன்னைவிட அதிகமாகக் கத்துகிறான். இது தொடரலாமா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம், நிறுத்திவிடுங்கள். நீங்கள் வீட்டில் பார்த்ததையே சோதனையிலும் பார்த்திருக்கிறார்கள்.

பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரையும் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். இவ்வளவு மோசமான கட்டுரையைப் படித்ததே இல்லை என்கிற மாதிரி கடுமையான குறிப்போடு அது திரும்பி வந்தது. குறிப்பை எழுதியது இன்னொரு மாணவர் என்றார்கள். யாருக்குத்தான் கோபம் வராது?

அப்புறம் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினர், திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். அவருடையது என்று ஒரு போட்டோவும் காட்டப்பட்டது. இரண்டாம் பிரிவினர் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் 2 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரு போட்டி. ஜெயித்தால் எதிராளியின் ஹெட்போனில் இரைச்சலை அலறவிடலாம். சத்தமும் நேரமும் அவரவர் விருப்பம்.

அதிகக் கோபத்தோடு இருந்ததும் மூர்க்கமாகத் தண்டித்ததும் திட்டியவரை நினைத்துக் குத்தியவர்கள்தான். மிகக் குறைவாகத் தண்டித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்.

காரணம் சிக்கலானதல்ல. கோபத்தில் நெஞ்சு படபடக்கிறது, தசை இறுகுகிறது. குத்துவது அந்தப் படபடப்பை இன்னும் ஏற்றுகிறது. கூடவே, அண்ணன் சொன்ன வார்த்தை ஒவ்வொரு குத்துக்கும் மறுபடி மனதில் ஓடுகிறது. குத்தி முடித்ததும் கொஞ்சம் இதமாக இருக்கும், உண்மைதான். அந்த இதம்தான் ஏமாற்றுகிறது. கோபம் தானாகவே தணிந்திருக்கக்கூடிய நேரத்தில் குத்தியதால்தான் தணிந்தது என்று நம்பி, அடுத்த முறையும் கை தலையணையைத் தேடும்.

ஓடிவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்பதும் இதே வகைதான். 2024இல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலைச் சூடேற்றும் செயல்கள் மொத்தத்தில் கோபத்தைக் குறைக்கவில்லை. மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவை குறைத்தன. ஓட்டம் உடம்புக்கு நல்லது, ஆனால் கோபத்துக்கு மருந்தில்லை.

அதற்காக வாயை மூடிக்கொண்டு புழுங்கச் சொல்லவில்லை. மகன் அறைக்குள் போகட்டும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடட்டும். படபடப்பு அடங்கியதும் உங்களிடம் பேசட்டும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். "அவன் இப்படிச் சொன்னான், அவன் இப்படிச் சொன்னான்" என்று அதே வசனம் சுற்றிச்சுற்றி வந்து குரலும் உயர்ந்தால், அந்தப் பேச்சும் தலையணைதான். பேச்சை அங்கேயே நிறுத்தி, சாப்பிடக் கூப்பிடுங்கள். "அவனிடம் என்ன கேட்கப்போகிறேன்" என்று பேச்சு திரும்பினால், கேளுங்கள், குறுக்கிடாதீர்கள்.