எழுத்து ஒலியை விட்டு நழுவும் இடம்: ஃபோர்ஸ்டு அலைன்மென்ட் கேள்வி பதில்

செல்வி: மேடம், ஒரு சிறிய மொழியில் 14 நிமிடக் கதைப் பதிவும் அதன் முழு எழுத்தும் இருக்கிறது. எந்தச் சொல் பதிவில் எந்த நேரத்தில் வருகிறது என்று குறிக்கும் அலைனர் கருவியில் இரண்டையும் கொடுத்தேன். முதல் நான்கு நிமிடம் அழகாகப் பொருந்துகிறது. அப்புறம் எல்லாச் சொல்லும் தள்ளித் தள்ளி விழுகிறது. மாடல் மோசமா?

முதல் நான்கு நிமிடம் சரியாக வந்திருப்பதால் மாடலைச் சந்தேகிக்க மாட்டேன். நான்காவது நிமிடத்துக்கு அருகே எழுத்தும் குரலும் பிரிந்திருக்கும். கொடுத்த சொற்கள் அத்தனையையும் அதே வரிசையில் ஒலிக்குள் எங்காவது வைத்தே ஆக வேண்டும் என்பதுதான் அலைனருக்கு இட்ட வேலை. கதை சொன்னவர் ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தாலும் அந்த வரிக்கு அது இடம் தேடும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. mfa எனப்படும் மான்ட்ரியல் அலைனரில் ஓர் ஒலியனுக்குப் பொதுவாக மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10 மில்லிவினாடி. அதனால் 30 மில்லிவினாடிக்குக் கீழே எந்த ஒலியனும் சுருங்க முடியாது. எல்லைகளைக் குறித்து அது தரும் TextGrid கோப்பை, ஒலியை ஆராயும் பிராட் மென்பொருளில் திறந்து பாருங்கள். வரிசையாக எல்லா ஒலியனும் சரியாக 30 மில்லிவினாடியில் நசுங்கிக் கிடந்தால், அந்தச் சொற்கள் பெரும்பாலும் பதிவில் இல்லை. மாறாக ஓர் உயிர் மட்டும் இரண்டு வினாடி நீண்டிருந்தால், எழுத்தில் இல்லாத பேச்சு பெரும்பாலும் அங்கே இருக்கிறது.

உங்கள் பதிவில் ஆறு சொல் வரி ஒன்று விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 30 ஒலியன்கள் என்றால் 900 மில்லிவினாடி. அதை அடுத்த வரியின் ஒலியிலிருந்துதான் அலைனர் எடுக்கும். வழக்கமாக அடுத்த நீண்ட இடைவெளியில் அது சுதாரித்துக்கொள்ளும். ஆனால் ஒரே சமயத்தில் எத்தனை பாதைகளைக் கைவிடாமல் வைத்திருக்கலாம் என்று சொல்லும் தேடல் அகலம், அதாவது beam, குறுகலாக இருந்தால் சரியான பாதை அதற்குள் வெட்டுப்பட்டிருக்கும், திரும்ப வழி இருக்காது. அகலத்தைக் கூட்டிப் பாருங்கள்:

```
mfa align corpus dict.txt model.zip out --beam 100 --retry_beam 400
```

அதைவிட நிலையான தீர்வு, மௌனம் வரும் இடங்களில் பதிவை 10, 20 வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய எழுத்தைக் கொடுப்பது. பிழை வந்தாலும் அந்தத் துண்டோடு நிற்கும்.

அகிலன்: ஒலியைக் கேட்டு அலைனரே எழுத்துப்பிழையைத் திருத்திவிடுமே? நாம் ஏன் சரிபார்க்க வேண்டும்?

பேச்சை எழுத்தாக்கும் கருவி வேறு, அகிலன். அலைனர் உங்கள் எழுத்தை அப்படியே நம்பும். "1947" என்று எண்ணாக விட்டால் அதை எப்படி வாசிப்பது என்று அதற்குத் தெரியாது, தெரியாத சொல்லுக்குரிய spn குறியைப் போட்டுவிடும். முதலில் `mfa validate` ஓட்டுங்கள். உச்சரிப்பு அகராதியில் இல்லாத சொற்களின் பட்டியல் கிடைக்கும்.

முருகேசன்: எங்கள் மொழிக்கு மாடல் இல்லாததால் பெரிய மொழி ஒன்றின் மாடலைக் கடன் வாங்கினேன். மூக்கொலியோடு தொடங்கும் வெடிப்பொலிகளை இரண்டு ஒலியன்களாக எழுதினேன். அவற்றின் எல்லை எப்போதும் பக்கத்து உயிருக்குள் போய்விடுகிறது.

இரண்டாக எழுதியதால் குறைந்தது 60 மில்லிவினாடி கேட்கும். வேகமான பேச்சில் அந்த ஒலி அவ்வளவு நேரம் நிற்காமல் போகலாம், அப்போது குறைவது உயிரிலிருந்துதான் வரும். ஒரே குரலில் தெளிவான வாசிப்பு ஒரு மணி நேரம் இருந்தால் கடனை விட்டுவிடுங்கள். அந்த ஒலியை ஒரே ஒலியனாக அகராதியில் எழுதி, `mfa train` மூலம் சொந்த மாடல் பழக்குங்கள். அது பெரும்பாலும் மேலாக வரும்.

ரஹீம்: குறுக்கிடுகிறேன். பழக்கிய பதிவையே திரும்பப் பொருத்துவது தவறல்லவா? மனப்பாடம் ஆகிவிடுமே.

பேச்சை அடையாளம் காணும் மாடல் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கே நமக்கு வேண்டியது இதே பதிவின் எல்லைகள்தான், அதனால் தடையில்லை. ஆனாலும் உங்கள் பயத்தில் பாதி நியாயம் உண்டு. சொல்லின் கடைசி உயிரைப் பேசுபவர்கள் விழுங்கிவிட, அகராதி அதை எப்போதும் எழுதினால், மாடல் அந்தத் தவறையே பாடமாகக் கற்றுவிடும். பக்கத்து மெய்யின் ஒரு துண்டை உயிர் என்று குறிக்கும், எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி இருப்பதால் கண்ணில் படவே படாது. 30 மில்லிவினாடி உயிர்கள் சொல் இறுதியில் மட்டும் குவிகின்றனவா என்று பாருங்கள்.

தேன்மொழி: அக்கா, மெட்டாவின் பன்மொழிப் பேச்சு மாடலான எம்.எம்.எஸ். அகராதியே கேட்காதே! அது போதாதா?

வாக்கியம், சொல் அளவில் வெட்ட அது மிக நல்லது. 2023-இல் வந்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளின் வாசிப்பில் பழகியது. எழுத்தில் இல்லாத தலைப்பு அறிவிப்பை முதலில் எந்தப் பேச்சோடும் பொருந்தும் `<star>` குறி ஒன்றை வைத்து விழுங்கச் செய்யலாம், செல்விக்கும் இது உதவும். உயிரின் நீளம் அளக்க மட்டும் அதை நம்பாதீர்கள். எழுத்து எங்கே ஒலித்தது என்று ஒரு கணத்தைக் காட்டும், எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைக் காட்டாது.

முருகேசன்: அப்படியானால் விழுங்கும் உயிருக்கு இரண்டு உச்சரிப்பும் அகராதியில் எழுதலாமா?

எழுதலாம், நான் எழுதுவேன். ஆனால் குறைந்த பதிவில் மாடல் இரண்டில் எதை எடுக்கும் என்பது எப்போதும் நம்பகமாக இல்லை, சில குரல்களில் குட்டையான வடிவத்தையே எடுத்துக்கொண்டிருக்கும். ஐம்பது இடங்களைக் காதால் கேட்டுக் குறித்து, அலைனரின் தேர்வோடு ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.